‘ப்ரொவைடட் தட்’: ஒட்டுவிலக்கா, வரம்புரையா?

மெரிபேங்க், டர்பன்: விதிப்புத்தகம் மொழிபெயர்ப்பவர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஈமநிதிச் சபையின் விதிப்புத்தகத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சபை தொடங்கிய காலத்தில் இரண்டு மொழியிலும் இருந்ததாம். தமிழ்ப் பிரதி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. என் கையில் இருப்பது பழுப்பேறிய ஆங்கிலத் தட்டச்சுப் பிரதி ஒன்றுதான்.

ஏழாம் விதியில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தின் வரிசையையும் புள்ளிகளையும் அப்படியே வைத்துத் தமிழாக்கினால் இப்படி வரும்:

“மூன்று மாதச் சந்தா பாக்கி வைத்த உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கக் கூடாது; அவர் வீட்டு இறப்புக்கு உதவித்தொகை தரப்படாது, ப்ரொவைடட் தட் பாக்கிக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் கட்டிவிட்டவருக்கு இந்தத் தடை இல்லை.”

நான் முதலில் எழுதியது: “பாக்கிக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் கட்டாவிட்டால், உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது, உதவித்தொகையும் தரப்படாது.” வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. பொருளாளர் படித்துவிட்டு, “அம்மா, நீங்கள் விதியையே மாற்றிவிட்டீர்கள்” என்றார். இரண்டு நாள் யோசித்த பிறகுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

ப்ரொவைடட் தட் என்பதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். என் மனத்தில் இருப்பது ‘ஒட்டுவிலக்கு’. விலக்கு என்பதோடு, எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. உங்கள் கருத்து?

டோங்காட்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தங்கச்சிக்கு வணக்கம். புதிதாக எதற்கு? நம்மிடம் ‘புறனடை’ இருக்கிறதே. சூத்திரங்களின் வகையைச் சொல்லும்போது நன்னூல் புறனடையையும் சேர்த்தே சொல்கிறது. விதிகளையெல்லாம் சொல்லி முடித்து, மிச்சத்தைக் கடைசியில் சொல்வது புறனடை. ப்ரொவைடட் தட் வருவதும் கடைசியில்தான். எழுநூறு எண்ணூறு வருடமாகப் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு ஒட்டு, வெட்டு என்று போக வேண்டாம்.

பீனிக்ஸ்: கணக்கர்

அக்கா, பணம் தர வேண்டுமா வேண்டாமா என்பதுதானே கேள்வி? கட்டாயம் தர வேண்டும். என் அம்மா இறந்தபோது எங்களுக்கு இதே கதிதான். நான்கு மாதம் பாக்கி. கடிதம் வந்து பத்தொன்பதாம் நாள் முழுப் பணத்தையும் கட்டி ரசீது வாங்கினேன். அதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மா போய்விட்டார். இறந்த அன்று பாக்கி இருந்தது, அதனால் உதவி இல்லை என்று அந்தச் சபையில் சொல்லிவிட்டார்கள். விதியில் 30 நாள் என்று எழுதியிருக்கிறதே என்றேன். அது வாக்குரிமைக்கு மட்டும் என்றார்கள். சவப்பெட்டிக்குக் கடன் வாங்கினேன். உங்கள் புத்தகத்திலாவது யாரும் இப்படித் திருப்ப முடியாதபடி எழுதிவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: சட்ட மொழிபெயர்ப்பாளர்

பீனிக்ஸ் தம்பி சொன்னதை வாசித்து மனம் கனத்துவிட்டது. தம்பி, அக்கா கேட்டது சொல்லைப் பற்றி. ஆனால் உங்களுக்கு நடந்ததும் இதே சிக்கல்தான், அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த நாட்டுப் பழைய சட்டங்களை வாசித்தால், ஒரு பிரிவு முடியும் இடத்தில் முற்றுப்புள்ளி இருக்காது. முக்காற்புள்ளி இருக்கும். அதன் பின்னால் பெரிய எழுத்தில் ப்ரொவைடட் தட் தொடங்கும். ஆஃப்ரிக்கான்ஸ் பிரதியில் அதே இடத்தில் ‘மெட் டீன் ஃபெர்ஸ்டாண்ட டட்’ வரும். வாக்கியம் முடியவில்லை, மேலே சொன்ன முழுவதுக்கும் ஒரு விலக்கு வருகிறது என்பதற்கு அந்த முக்காற்புள்ளிதான் அடையாளம்.

உங்கள் ஏழாம் விதியில் இருப்பது வேறு. வாக்குக்கும் உதவித்தொகைக்கும் நடுவில் அரைப்புள்ளி. விலக்குக்கு முன்னால் வெறும் காற்புள்ளி. தமிழில் இவற்றின் பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது, பாருங்கள்: கால், அரை, முக்கால், முழு. அரை உயரச் சுவர் ஒன்று நடுவில் நிற்கிறது. கால் உயரத்தில் வரும் விலக்கு அதைத் தாண்டி வாக்குக்குப் போக முடியாது, உதவித்தொகையோடு நின்றுவிடும். முக்காற்புள்ளி போட்டிருந்தால் சுவரைத் தாண்டி இரண்டையும் தொட்டிருக்கும்.

தேதி போட்டுப் பார்ப்போம். ஒரு அம்மாவுக்கு மே 2-ஆம் தேதி பாக்கிக் கடிதம் கிடைக்கிறது. 15-ஆம் தேதி கணவர் இறக்கிறார். 20-ஆம் தேதி பொதுக்கூட்டம். 28-ஆம் தேதி பாக்கியைக் கட்டுகிறார், அதாவது 30 நாளுக்குள். பழைய பிரதிப்படி அவருக்கு உதவித்தொகை உண்டு, கூட்டத்தில் வாக்கு இல்லை. அக்காவின் முதல் தமிழில் என்ன ஆகிறது? 20-ஆம் தேதி 30 நாள் இன்னும் முடியவில்லை, அதனால் தடையே தொடங்கவில்லை. அவர் வாக்களிக்கலாம். உங்கள் பொருளாளர் பிடித்தது இதைத்தான்.

தப்பு அக்காவுடையது அல்ல, நம் வாக்கிய அமைப்பு இழுத்துக்கொண்டு போன இடம் அது. தமிழில் ‘-ஆல்’ என்று முடியும் நிபந்தனை இயல்பாகவே முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் வந்ததும் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுவே தலைவாசல் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் வாலாகத் தொங்கியது தமிழில் தலையாகிவிடுகிறது. அதனால் புள்ளிகளைச் சரியாகப் பெயர்த்தாலும், இடம் மாறினால் பொருள் மாறிவிடும்.

ஐயா, புறனடையைப் பற்றி ஒன்று. விதிக்குள் அடங்காமல் நின்றதையும் ஏற்றுக்கொள்ளச் சொல்வது புறனடை. அது வேலியைத் தள்ளிப் போடுகிறது. இங்கே வேண்டியது விதிக்குள் ஏற்கெனவே அகப்பட்டவரை வெளியே எடுப்பது. தவிர, புறனடை ஒரு இயல் முழுவதற்கும் பின்னால் வந்து நிற்கும். நமக்கு ஒரே ஒரு கிளையில் ஒட்ட வேண்டும். சொல் அழகானதுதான், வேலை வேறு.

டோங்காட்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சரி அம்மா, பாதி ஒப்புக்கொள்கிறேன். வேலி தள்ளிப் போவது என்றது சரி. ஆனால் எல்லாப் புறனடையும் இயல் கடைசியில்தான் நிற்கும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைத் தனியாகப் பேசுவோம்.

ரோஸ் ஹில், மொரிசியஸ்: பிரெஞ்சு ஆசிரியர்

இங்கே எங்களுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அதனால் கனடாவின் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு நிறுவனங்கள், கம்பி கட்டும் கம்பங்களைப் பற்றிய ஒப்பந்தம். முதலில் ஐந்து வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிப்பு, ஒரு வருட முன்னறிவிப்பு தந்தால் ஒழிய என்று வாசகம். அந்த ‘ஒழிய’ பகுதிக்கு முன்னால் ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளி இருப்பதால் முன்னறிவிப்பு முதல் ஐந்து வருடத்துக்கும் பொருந்தும் என்று 2006-இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் சொன்னது. பத்து லட்சம் டாலர் காற்புள்ளி என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அப்புறம் 2007-இல் அதே ஆணையம் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்து முடிவை மாற்றிக்கொண்டது. பிரெஞ்சில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அதனால் உங்கள் தமிழ்ப் பிரதியும் நாளைக்குச் சாட்சியாக நிற்கக்கூடும். இரண்டு பிரதியும் முரண்பட்டால் எது செல்லும் என்று புத்தகத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மெரிபேங்க், டர்பன்: விதிப்புத்தகம் மொழிபெயர்ப்பவர்

எல்லோருக்கும் நன்றி. பழைய பிரதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரைப்புள்ளிதான், மேல்புள்ளி மங்கியிருந்தாலும் தெரிகிறது. ஆனால் சென்ற வருடம் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பிய பிரதியில் அதே இடத்தில் காற்புள்ளி. இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் எது சுவர், எது வாசல் என்று எப்படிச் சொல்வது? பீனிக்ஸ் தம்பியின் சபையிலும் இதுபோல ஒன்று நடந்திருக்குமோ என்று தோன்றியது.

புள்ளியை மட்டும் நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது. கிளைகளைப் பிரித்து எழுதினேன்:

“7. மூன்று மாதச் சந்தா பாக்கி வைத்த உறுப்பினர்:
(அ) பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கக் கூடாது;
(ஆ) தம் வீட்டு இறப்புக்கு உதவித்தொகை பெற முடியாது: ஆனால், பாக்கிக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பாக்கியைக் கட்டியவருக்கு (ஆ)-வில் சொன்ன தடை மட்டும் இல்லை.”

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: சட்ட மொழிபெயர்ப்பாளர்

நன்றாக வந்திருக்கிறது. ‘(ஆ)-வில் சொன்ன தடை மட்டும்’ என்பதை யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். விலக்கு (ஆ)-வோடு உள்ளே தள்ளி நின்றால் (ஆ)-வுக்கு, இடது ஓரத்துக்கு வந்து தனி வரியாக நின்றால் (அ), (ஆ) இரண்டுக்கும் என்று வாசிப்பது வழக்கம். மின்னஞ்சலில் ஒட்டும்போது அந்த உள்தள்ளல் காணாமல் போய்விடும். எழுத்தில் பெயர் சொல்லி வைத்தது போகாது.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். (அ)-வை விரலால் மறைத்துக்கொண்டு விலக்கைச் சேர்த்து வாசியுங்கள். அடுத்து (ஆ)-வை மட்டும் மறைத்து வாசியுங்கள். உங்கள் புதிய வாசகத்தில் இரண்டாவது முறை ‘(ஆ)-வில் சொன்ன தடை’ என்பது அந்தரத்தில் நிற்கும். அப்படி நின்றால்தான் சரியாக ஒட்டியிருக்கிறது. பழைய பிரதியில் அதைச் செய்தால் இரண்டு முறையும் வாக்கியம் தடையில்லாமல் ஓடும். தகராறு அங்கேதான் பிறந்தது.

சொல் விஷயத்தில் நான் வரம்புரை பக்கம். இந்திய அரசமைப்பின் தமிழ்ப் பிரதியில் இருப்பது அதுதான். இலங்கையில் காப்புவாசகம் என்பார்கள். ஒட்டுவிலக்கு எனக்குப் பிடிக்கிறது, ஆனால் ப்ரொவைடட் தட் எல்லா இடத்திலும் விலக்கு அல்ல. உங்கள் புத்தகத்திலேயே வேறொரு விதியில், மாதம் ஒருமுறை குழு கூடும் என்று சொல்லிவிட்டு, ப்ரொவைடட் தட் போட்டு, வருடக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தால், அது விலக்கே இல்லை. தனி விதி. முற்றுப்புள்ளி வைத்து வெளியே எடுத்துவிட வேண்டியது. அதற்கு ஒட்டுவிலக்கு என்று பெயர் வைத்தால் பொய்யாகிவிடும்.

மெரிபேங்க், டர்பன்: விதிப்புத்தகம் மொழிபெயர்ப்பவர்

பன்னிரண்டாம் விதி அச்சு அசல் அப்படித்தான் இருக்கிறது! இரண்டு வாக்கியமாகப் பிரித்துவிட்டேன்.

வரம்புரையை ஏற்க இன்னும் மனம் வரவில்லை, அக்கா. எங்கள் கூட்டத்தில் ‘வரம்புரை’ என்றால் வரவேற்புரை மாதிரி ஏதோ பேச்சு என்று நினைப்பார்கள். பெயரை அதன் வேலையோடு சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. விலக்காக இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டுவிலக்கு என்று ஓரக்குறிப்பில் எழுதுகிறேன். உள்வாசகத்தில் ‘ஆனால்’ போதும்.

பீனிக்ஸ்: கணக்கர்

எந்தப் பெயரையாவது வையுங்கள் அக்கா. அந்த ‘மட்டும்’ இருக்கட்டும். அச்சானதும் எனக்கு ஒரு பிரதி வேண்டும், எங்கள் சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன்.