157 ரூபாய் நஷ்டம் என்று எழுதினேன், உண்மையில் 2,400 லாபம்

ஏற்காட்டு மணி

வெளிநாட்டு கிளையண்டிடம் டாலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக என் கதை. நான் ஏற்காட்டில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒரே ஒரு கிளையண்ட், மாதம் 2,000 டாலர். கணக்கு சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உண்டு, எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டு, வரியில்லாமல் இன்வாய்ஸ் அனுப்புகிறேன்.

2024 டிசம்பர் 20 அன்று இன்வாய்ஸ் போட்டேன். அன்றைய டாலர் 85 ரூபாய் என்று வைத்து 1,70,000 வருமானம் எழுதினேன். ஜனவரி 13 அன்று கிளையண்ட், "முழுத் தொகையும் வந்து சேர்ந்துவிட்டதாக எங்கள் வங்கி சொல்கிறது" என்று மெயில் போட்டார். இங்கே ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் பொங்கல், அப்புறம் திருவள்ளுவர் தினம், அப்புறம் உழவர் திருநாள். மூன்று நாளும் வங்கி இல்லை. 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில், பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் பர்பஸ் கோடு கேட்டு போன் வந்தது. சாஃப்ட்வேர் வேலைக்கான P0802 என்று சொன்னேன். மத்தியானம் 1,69,842.39 வரவு ஆனது.

1,70,000 வரவேண்டிய இடத்தில் இவ்வளவுதான் வந்திருக்கிறது, ஆக 157.61 நஷ்டம் என்று ஒரே வரியில் எழுதி மூடிவிட்டேன். டாலர் ஏறிக்கொண்டிருந்த மாதத்தில் நஷ்டம் எப்படி வரும் என்று அப்போது தோன்றவே இல்லை. ஏப்ரலில் ஆடிட்டரிடம் போனபோதுதான் அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? எந்தத் தேதியில், எந்த ரேட்டில் எழுதுகிறீர்கள்?

ஃபேர்லேண்ட்ஸ் டிசைனர்

இவ்வளவு குழப்பம் எதுக்கு ப்ரோ? நான் இன்வாய்ஸ் தேதியில் வருமானமே எழுதுவதில்லை. பணம் அக்கவுண்டில் விழுந்த அன்று, விழுந்த தொகையை வரவு என்று போடுவேன். வருமான வரியில் 44ADA பிரிவில்தான் ரிட்டர்ன், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் முடிந்தது. லாபம், நஷ்டம், ரேட் எதுவும் கிடையாது. நாலு வருஷமாக இப்படித்தான், ஒரு நோட்டீஸும் வந்ததில்லை.

அஸ்தம்பட்டி பெரியசாமி

தம்பி, என் பையன் துபாயிலிருந்து மாசாமாசம் அனுப்புகிறான். ஒரு பைசா பிடித்ததில்லை. அனுப்பிய அன்று சாயங்காலமே வந்துவிடும். உங்கள் வங்கி உங்களை ஏமாற்றுகிறது, கிளையை மாற்றுங்கள்.

ஏற்காட்டு மணி

ஐயா, உங்கள் மகன் அங்கே எக்ஸ்சேஞ்சில் திர்ஹாம் கொடுத்து, அங்கேயே ரூபாயாக மாற்றி அனுப்புகிறார் என்று நினைக்கிறேன். கட்டணம், ரேட் எல்லாம் அவர் கவுண்டரிலேயே முடிந்துவிடும். உங்களுக்கு வருவது ரூபாய். எனக்கு டாலராகவே வந்து சேலத்தில்தான் மாறுகிறது. தவிர நீங்கள் யாருக்கும் பில் போடவில்லையே, அதனால் வித்தியாசம் பார்க்கவும் ஒன்றுமில்லை.

சாந்தி, முன்னாள் ஃபாரெக்ஸ் டெஸ்க்

இந்த ஊரில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்தேன். கொலுசு ஏற்றுமதியாளர்கள்தான் அதிகம் வருவார்கள், கடைசி சில வருஷங்களில் உங்களைப் போன்ற பிள்ளைகளும். மணி செய்த தப்பை வாரம் ஒருவராவது செய்துகொண்டு வருவார்கள்.

அந்த 157 ரூபாய்க்குள் நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கிளையில் ஸ்விஃப்ட் செய்தியின் நகல் கேளுங்கள், கொடுப்பார்கள். அதில் இந்த மாதிரி நான்கு வரி இருக்கும்:

```
:32A:250113USD1980,00
:33B:USD2000,00
:71A:SHA
:71F:USD20,00
```

33B என்பது கிளையண்ட் அனுப்பச் சொன்னது. 32A என்பது உங்கள் வங்கிக்கு உண்மையில் வந்து சேர்ந்தது. நடுவில் இருந்த வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டது 71F-இல் தெரியும். SHA என்றால் கட்டணத்தை இரண்டு பக்கமும் பகிர்வது. அதனால் கிளையண்ட் "முழுசாக அனுப்பினேன்" என்பதும் உண்மை, உங்களுக்குக் குறைந்து வந்ததும் உண்மை. இப்போது ஸ்விஃப்ட் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டதால் வருகிற நகல் வேறு மாதிரி தெரியலாம். தேட வேண்டியது என்னவோ இதே இரண்டு தொகைகளைத்தான்.

அடுத்தது தேதி. 32A-வில் ஜனவரி 13 இருக்கிறதே என்று அன்றைய ரேட்டைப் போடக்கூடாது. அது வங்கிகளுக்குள் பணம் தீர்ந்த நாள். உங்களுக்கு ரூபாயாக மாறியது 17ஆம் தேதி, அன்று வங்கி போட்ட ரேட்டில். வங்கி தருகிற வரவுச் சீட்டில், அதாவது அட்வைஸில், அந்த ரேட் அச்சாகியிருக்கும். கூகுளில் வருகிற ரேட்டை விட அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், வங்கியின் பிழைப்பே அதில்தான். மணி, உங்கள் அட்வைஸில் என்ன ரேட், என்ன கட்டணம்?

ஏற்காட்டு மணி

அக்கா, ரேட் 86.20. கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90. அப்புறம் தனியாக 243.61 என்று இன்னொரு ஜிஎஸ்டி. அது என்னவென்றே புரியவில்லை.

சாந்தி, முன்னாள் ஃபாரெக்ஸ் டெஸ்க்

அந்த 243.61 டாலரை ரூபாயாக மாற்றிக் கொடுத்த சேவைக்கான வரி. தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் முதல் லட்சத்துக்கு 1,000, மீதிக்கு அரை சதவீதம், இதைச் சேவையின் மதிப்பாக வைத்து அதன் மேல் 18 சதவீதம். உங்களுக்கு மாறியது 1,980 டாலர், அதாவது 1,70,676 ரூபாய். சேவை மதிப்பு 1,353.38, அதில் 18 சதவீதம் 243.61. சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. கிளையண்ட் தீர்த்தது 2,000 டாலர் பாக்கி, 1,980 அல்ல. எனவே லாபத்தை 2,000-க்குத்தான் பார்க்க வேண்டும். 85-இல் எழுதியது 86.20-இல் தீர்ந்தது, டாலருக்கு 1.20, ஆக 2,400. நடுவில் போன 20 டாலரும் அதே 86.20-இல் 1,724 ரூபாய் செலவு. அதோடு 590, 243.61. செலவு மொத்தம் 2,557.61.

```
2025-01-17
வங்கி                        பற்று   1,69,842.39
பணம் வரவு கட்டணம்           பற்று       2,557.61
    கிளையண்ட் பாக்கி         வரவு    1,70,000.00
    செலாவணி லாபம்           வரவு        2,400.00
```

லாபத்தையும் செலவையும் கழித்து ஒரே வரியில் எழுதினால் 157 மட்டும் தெரியும். நடுவங்கி மாதாமாதம் 1,700 ரூபாய்க்கு மேல் எடுப்பது கண்ணில் படவே படாது. இன்னொன்று: சில வங்கிகள் முழுத் தொகையையும் வரவு வைத்துவிட்டு, கட்டணத்தை மறுநாள் தனிப் பற்றாக எடுக்கும். அப்போது லாபம் வரவு தேதியில், கட்டணம் அது பிடிக்கப்பட்ட தேதியில்.

ஏற்காட்டு மணி

ஒரு விஷயத்தில் நான் இன்னும் பெரிய தப்பு செய்திருக்கிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதம் வந்த ரூபாய்க்குப் பொருந்துகிற மாதிரி ஜிஎஸ்டி ரிட்டர்னில் இன்வாய்ஸ் மதிப்பையே திருத்திவிட்டேன். ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரிட்டர்னில் இன்வாய்ஸ் தேதி மதிப்புதான் நிற்க வேண்டும், அப்புறம் வருகிற செலாவணி வித்தியாசம் சேவைக்கான விலை இல்லை என்றார். இதற்காகவே மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி மூன்று முறை போய் வந்தேன். ஒருமுறை தட்டுவடை செட்டாவது கிடைத்தது.

ஃபேர்லேண்ட்ஸ் டிசைனர்

சரி சாந்தி மேடம், ஆனால் நான் சொன்னது தப்பா? பணம் வந்தால்தான் வருமானம் என்று வைத்துக்கொண்டால் லாப நஷ்டமே வராதே.

சாந்தி, முன்னாள் ஃபாரெக்ஸ் டெஸ்க்

பாதி சரி தம்பி. பணம் வந்த அன்று எழுதுகிற முறையை ஒழுங்காக வருஷா வருஷம் வைத்திருந்தால் செலாவணி லாபம் என்று தனி வரி வராது. ஆனால் எழுத வேண்டிய தொகை 1,69,842 இல்லை. 2,000 டாலரும் 86.20-இல், 1,72,400. வங்கிகள் பிடித்தது உங்கள் செலவு. 44ADA-வில் செலவெல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்கிவிட்டதாகத்தான் கணக்கு. கட்டணத்தை முன்பே கழித்துவிட்டு, மிச்சத்திலும் பாதியைக் கழித்தால் ஒரே செலவை இரண்டு தடவை கழித்ததாகிறது. மாதம் 2,557 சின்னத் தொகைதான். வருஷத்துக்கு முப்பதாயிரம் வரும்.

ஃபேர்லேண்ட்ஸ் டிசைனர்

ம். நாலு வருஷத்தையும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஏரோடு கவிதா

ஈரோடுதான், பெயரைத் தட்டச்சுப் பிழையோடு பதிந்துவிட்டேன், மாற்ற முடியவில்லை. இப்போது சேலத்தில் இருக்கிறேன். எனக்கு மார்ச்சில் சிக்கியது. 2025 மார்ச் 10 அன்று 1,000 டாலர் இன்வாய்ஸ், 87.20-இல் எழுதினேன். மார்ச் 31 வரை பணம் வரவில்லை. ஆண்டு முடிவில் பாக்கியை 85.50-க்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது, 1,700 நஷ்டம். ஏப்ரல் நடுவில் 85.70-இல் வந்தது. வரவு தேதியில் வெறும் 200 லாபம். அதாவது மொத்தத்தில் 1,500 நஷ்டம், ஆனால் ஒரு வருஷத்தில் நஷ்டமாகவும் அடுத்த வருஷத்தில் லாபமாகவும் உட்கார்ந்திருக்கிறது. நான் முதலில் 87.20-க்கும் 85.70-க்கும் உள்ள வித்தியாசத்தை ஏப்ரலில் போட்டுவிட்டேன். மார்ச்சில் எழுதிய நஷ்டம் இரண்டாம் முறை வந்துவிட்டது. கிளையண்ட் பாக்கியில் 1,700 தொங்கிக்கொண்டு நின்றபோதுதான் கண்டுபிடித்தேன்.

இன்னொரு சந்தேகம். 44ADA-வில் போகிறவர், ஆனால் இன்வாய்ஸ் தேதியில் எழுதுகிறவர், செலாவணி லாபத்தையும் மொத்த வரவில் சேர்த்துப் பாதி காட்டுவதா, இல்லை அதைத் தனியாக முழுசாகக் காட்டுவதா? நான் இரண்டு ஆடிட்டர்களிடம் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சாந்தி, முன்னாள் ஃபாரெக்ஸ் டெஸ்க்

அது ஆடிட்டர்கள் பேச்சு அம்மா, நான் வங்கிக்காரி. தொழிலில் வந்த பாக்கியோடு ஒட்டியதுதானே, வரவோடு சேரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கையெழுத்துப் போடுகிறவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஏற்காட்டு மணி

கிளையண்டிடம் கட்டணக் குறியீட்டை OUR என்று, அதாவது கட்டணம் முழுக்க அனுப்புகிறவர் தலையில் என்று, மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஒத்துக்கொண்டார். அடுத்த மாதம் 2,000 முழுசாக வந்தது. அதற்கடுத்த மாதம் 1,985. நகல் கேட்டு எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை மலையிறங்குகிறேன், கையில் கிடைத்ததும் 71A-வில் என்ன இருக்கிறது என்று போடுகிறேன்.