கணினிக்குத் தெரியும் கன்ட்ரோலர் விளையாட்டுக்குத் தெரியவில்லை: உதவி தேவை

சத்துவாச்சாரி, வேலூர்:
என்னுடைய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் விண்டோஸ் 11 கணினியுடன் புளூடூத் வழியாக இணைகிறது. joy.cpl சாளரத்தில் Wireless Controller என்ற பெயரில் தெரிவதோடு, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அங்கே விளக்கு எரிகிறது. ஆனால் ஸ்டீமில் வாங்கிய கார்ப் பந்தய விளையாட்டில் ஒரு பொத்தானும் வேலை செய்வதில்லை. வலது குச்சியை அசைத்தால் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது. விடுமுறைக்கு வந்திருக்கும் தங்கை மகன் இரண்டு நாளாகக் காத்திருக்கிறான்.

குடியாத்தம்:
பல விளையாட்டுகளுக்கு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் மொழியான எக்ஸ்இன்புட் மட்டுமே புரியும். DS4Windows நிறுவினால் உங்கள் கன்ட்ரோலர் எக்ஸ்பாக்ஸ் 360 போலத் தெரியும். எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

வாணியம்பாடி:
எனக்கும் இதே தொல்லைதான். கையை எடுத்தாலும் கார் இடப்பக்கமே இழுக்கிறது.

ராணிப்பேட்டை:
வாணியம்பாடி நண்பரே, உங்களுடையது குச்சி தேய்ந்ததால் வருவது, joy.cpl-இல் கை படாதபோதும் குறி நடுவில் நிற்காது.

சத்துவாச்சாரி ஐயா, மவுஸ் அம்பு நகர்கிறது என்றீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ஸ்டீம் உங்கள் கன்ட்ரோலரைப் படித்துவிட்டது. ஆனால் விளையாட்டுக்குள் நுழைய முடியாததால், டெஸ்க்டாப்புக்கான பொத்தான் அமைப்பையே இன்னும் பயன்படுத்துகிறது. ஸ்டீம் உள்ளே நுழைவது, விளையாட்டின் மேல் அது திறக்கும் ஓவர்லே திரை வழியாகத்தான். விளையாட்டு ஓடும்போது Shift+Tab அழுத்திப் பாருங்கள். ஓவர்லே திறக்கவில்லையென்றால், லைப்ரரியில் விளையாட்டின் Properties-க்குச் சென்று, General பகுதியில் ஓவர்லேயை இயக்கிவிட்டு, Controller பகுதியில் Enable Steam Input என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விளையாட்டை முழுவதும் மூடி, ஸ்டீமிலிருந்தே திறக்க வேண்டும்.

சத்துவாச்சாரி:
காட்சி தடுமாறுகிறதென்று சென்ற மாதம் ஓவர்லேயை நானே அணைத்திருந்தேன்; அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றவேயில்லை. இப்போது பொத்தான்கள் வேலை செய்கின்றன. ஆனால் மெனுவில் ஒருமுறை அழுத்தினால் இரண்டு வரி தாண்டுகிறது.

ராணிப்பேட்டை:
இடையில் DS4Windows நிறுவினீர்களா? அது ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை உருவாக்குகிறது, ஸ்டீமும் தன் பங்குக்கு இன்னொன்றை உருவாக்குகிறது. ஒரே அழுத்தம் இரண்டு வழியாகப் போய்ச் சேர்கிறது. குடியாத்தம் நண்பர் சொன்னது தவறில்லை, ஆனால் இரண்டில் ஒன்றுதான் ஓட வேண்டும். DS4Windows-ஐக் கடிகாரத்தின் அருகிலுள்ள ஐகானிலிருந்து முழுவதும் வெளியேற்றுங்கள். சாளரத்தை மட்டும் மூடினால் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

குடியாத்தம்:
நான் ஸ்டீமில் விளையாடுவதில்லை. அதனால்தான் எனக்கு மோதவில்லை போலும்.

சத்துவாச்சாரி:
வெளியேற்றியதும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. திரையில் மட்டும் வட்டம், சதுரத்துக்குப் பதிலாக A, B என்றே காட்டுகிறது.

ராணிப்பேட்டை:
விளையாட்டு தன்முன் இருப்பது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றே நம்புவதால் அப்படித்தான் காட்டும். பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.

சத்துவாச்சாரி:
ஸ்டீமில் வாங்கியதாயினும், வேறொரு லாஞ்சரைத் திறந்து அதன் வழியே தொடங்கும் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. அதில் Shift+Tab இன்னும் திறக்கவில்லை. யாருக்காவது திறந்திருந்தால் எழுதுங்கள்.