வடக்குத் தெரு குடும்பம்

ரமா அத்தை: நிச்சயதார்த்த வீடியோவில் அண்ணன் நடப்பதைப் பார்த்தீர்களா? தடி வைத்தும் ஆடி ஆடித்தான் வருகிறார். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் 12 படி இருக்கிறது.

குமார் சித்தப்பா: வலிப்பது வலது இடுப்பு, தடியும் வலது கையில். சரிதானே? சாய்கிற பக்கம்தான் முட்டுக் கொடுப்பார்கள்.

கவிதா: இல்லை சித்தப்பா, இடது கையில் இருக்க வேண்டும்.

குமார் சித்தப்பா: பிசியோ சொன்னால் சரி 🙏 ஏன்?

கவிதா: இடது காலைத் தூக்கும்போது உடம்பு இடப்பக்கம் சரியப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வலது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அது மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் உடல் எடையைப் போல ஏறக்குறைய 2 மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பும் சேர்ந்துதான் மூட்டை நசுக்குகிறது. இடது கையோ இடுப்பு மூட்டிலிருந்து, அந்தத் தசையைவிட ஏறக்குறைய 10 மடங்கு தள்ளி இருக்கிறது. கடப்பாரையின் கடைசி முனையைப் பிடித்து நெம்புவது மாதிரி. அங்கே 5 கிலோ அழுத்தினால், கணக்குப்படி தசைக்கு 50 கிலோ வேலை மிச்சம். நிஜமாக நடக்கும்போது இந்த மிச்சம் கணக்கைவிடக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

செல்வி சித்தி: எனக்கு முழங்கால். எனக்கும் மாற்றுக் கையா?

பெரியப்பா: வலது கையில் பிடித்தால்தான் எனக்கு வலி குறைகிறது. என் கால் எனக்குத் தெரியாதா?

கவிதா: குறைவது உண்மைதான் பெரியப்பா. ஆனால் அது தடியால் இல்லை. நீங்கள் உடம்பையே வலது காலுக்கு மேல் சாய்க்கிறீர்கள், அதனால் தசைக்கு வேலை குறைகிறது. அந்தச் சாய்வை முதுகு தாங்குகிறது. ராத்திரி முதுகு பிடிக்கிறதா?

ரமா அத்தை: தைலம் தேய்ப்பதே நான்தான் 😏

கவிதா: இடது கைத்தடியும் வலது காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். அப்புறம் இடது கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். சித்தி, முழங்காலுக்கும் மாற்றுக் கைதான், தனியாகக் கூப்பிடுங்கள்.

குமார் சித்தப்பா: வேன் 5 மணிக்கா 6 மணிக்கா?

கவிதா: இன்னொன்று. வீடியோவில் பெரியப்பா தோள் தூக்கியே இருக்கிறது, தடி உயரம். செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரைதான் பிடி வர வேண்டும். 2 அங்குலமாவது அறுக்க வேண்டும். அடி ரப்பரும் மொழுமொழு என்று தேய்ந்துவிட்டது.

பெரியப்பா: அப்பாவின் தடியில் ரம்பமா?

குமார் சித்தப்பா: அந்தத் தடியை அப்பா எனக்குத்தான் தருவதாகச் சொன்னார். அறுக்காமல் என்னிடம் கொடுத்துவிடலாம்.

ரமா அத்தை: ஆரம்பித்துவிட்டான் 🤦

கவிதா: உயரம் மாற்றுகிற அலுமினியத் தடி ஒன்று வாங்கி வருகிறேன். கல்யாணத்துக்கு மட்டும்.

பெரியப்பா: வாங்கி வா. பார்க்கலாம். இடது கையில் காபி டம்ளரை யார் பிடிப்பது?

செல்வி சித்தி: வேன் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள்