6 நிமிட அனிமேஷன் குறும்படம்: பட்ஜெட்டும் பிட்ச் வீடியோவும் திருப்பி வந்திருக்கு, உதவி தேவை

கோட்டுக்காரி (திருகோணமலை)

வணக்கம். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன், 2009 வரைக்கும், ஆட்களும் சைக்கிளும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடந்தார்கள். அந்தப் பாதைக்காகக் கரையில் காத்திருக்கும் ஒரு சிறுமியின் கதைதான் படம். இருபரிமாணம், கையால் வரைவது, 6 நிமிடம், 52 ஷொட். வெளிநாட்டு நிதியம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். முதல் சுற்றில் எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் பட்ஜெட்டையும் வீடியோவையும் திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன காரணம் இவ்வளவுதான்: "செலவு விபரம் வேலையின் அளவைக் காட்டவில்லை. வீடியோவில் படம் தெரியவில்லை."

நான் போட்டது:

அனிமேஷன் – 9 லட்சம்
புதிய கணினி, டேப்லட் – 6.5 லட்சம்
ஒலி, இசை – 1.5 லட்சம்
விழாக்களுக்கு அனுப்ப – 1 லட்சம்
இதர செலவு – 4 லட்சம்
இயக்குநர் சம்பளம் – 0
மொத்தம் – 22 லட்சம் (இதுதான் அவர்கள் தரும் உச்சவரம்பும்)

வீடியோ 3 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். அதில் முதல் இரண்டு நிமிடம் கோணேசர் மலைப் பக்கம் கடலுக்கு முன்னால் நின்று நான் பேசுகிறேன். பிறகு ட்ரோன் காட்சி கொஞ்சம், கடைசி 20 செக்கனில் என் ஓவியங்கள். எங்கே பிழைக்கிறது?

மூதூர்ப் பொடியன்

அக்கா, சின்னக் கணக்குத்தான் இது. செக்கனுக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் 12 படம். 360 செக்கனுக்கு 4,320 படம். ஒரு படத்துக்கு 150 ரூபா என்று வைத்தால் 6 லட்சத்து 48 ஆயிரம். இதை அப்படியே பட்ஜெட்டில் எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

எடிட்டர் மச்சான்

வீடியோ எடிட் பண்ண DaVinci Resolve இலவசமாகவே கிடைக்கும். ட்ரோன் காட்சிக்குக் கலர் கரெக்ஷன் செய்து, கீழே மெல்லிய இசை போட்டால் தரமாக வரும். வேண்டுமென்றால் நானே செய்து தரலாம்.

கோட்டுக்காரி

நன்றி மச்சான், எடிட்டிங் எனக்குத் தெரியும். எதைக் காட்டுவது என்பதில்தான் சிக்கல்.

பன்னிரண்டாம் பிரேம் (கொழும்பு, ஊர் திருமலை)

நான் சில குறும்படங்களுக்குத் தயாரிப்புக் கணக்குப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் படிக்கும் குழுவிலும் இருந்திருக்கிறேன்.

பொடியன் சொன்னதில் பாதி சரி, செக்கனில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் எல்லாச் செக்கனுக்கும் ஒரே விலை இல்லை. சிறுமி ஆடாமல் அசையாமல் கடலைப் பார்க்கும் 6 செக்கன் ஷொட்டுக்கு அவர் கணக்கில் 72 படம் வரும். உண்மையில் ஒரு படமும் கண் சிமிட்ட இரண்டு மூன்றும் போதும். பாதை கரை தட்டியதும் முப்பது பேர் சைக்கிளோடு இறங்கும் ஷொட்டில் ஒரே ஒரு படத்துக்கு அரை நாள் போய்விடும். பின்னணி ஓவியமும் திருத்தமும் அந்த 150 ரூபாவுக்குள் எங்கே இருக்கிறது? இந்தத் துறையில் இருந்து ஒருவர் குழுவில் இருந்தால் உடனே பிடித்துவிடுவார்.

தங்கச்சி, ஒரு கேள்வி. ஓவியங்கள் மட்டும்தான் இருக்கிறதா, அசையும் துண்டு ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எத்தனை மணிநேரம் போனது என்று எழுதி வைத்தீர்களா?

கோட்டுக்காரி

ஒரு துண்டு இருக்கு அண்ணா, 9 செக்கன். சிறுமி திரும்பிப் பார்த்துக் கை காட்டுகிறாள், பின்னால் தண்ணீர். கலர் வரை முடித்தது. கொப்பியில் நேரம் குறித்திருக்கிறேன், 45 மணிநேரம். அதில் தண்ணீர் மட்டும் 20.

சின்னத் துண்டுதானே என்று வீடியோவில் போடவில்லை.

பன்னிரண்டாம் பிரேம்

அந்த 9 செக்கன்தான் உங்கள் பட்ஜெட். வீடியோவும் அதுதான். இரண்டையும் அதிலிருந்தே எழுதலாம்.

முதலில் தண்ணீரைத் தனியாக எடுங்கள். ஒவ்வொரு ஷொட்டுக்கும் புதிதாக வரையக் கூடாது. சுழற்சியாக ஓடும் தண்ணீர் ஒரு எட்டு வகை வரைந்தால் (காலை, மாலை, அலை எழும்பும்போது, பாதைக்கு அருகில் என்று) படம் முழுக்க மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். ஒன்றுக்கு 20 மணி என்றால் 160 மணிநேரம்.

மீதி 25 மணிநேரம் 9 செக்கனுக்குப் போயிருக்கிறது. செக்கனுக்கு 3 மணிநேரம் என்று வையுங்கள். இது உங்கள் சாதாரண ஷொட்டின் வேகம். இனி ஸ்டோரிபோர்டை விரித்து 52 ஷொட்டையும் மூன்றாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, ஆள் அசையாத, கமரா மட்டும் நகரும் ஷொட்டுகள் 130 செக்கன் என்றால் செக்கனுக்கு 1 மணி. சாதாரண நடிப்பு 170 செக்கனுக்கு 3 மணி. கூட்டம், மழை மாதிரிக் கஷ்டமானது 60 செக்கனுக்கு 7 மணி. எல்லாம் சேர்த்து 1,060. தண்ணீரோடு 1,220. திருத்தத்துக்குக் கிட்டத்தட்ட 15 வீதம் சேர்த்தால் 1,400. பின்னணி 40, ஒன்றுக்கு 6 மணி என்றால் இன்னும் 240. மொத்தம் 1,640 மணிநேரம்.

ஒரு ஆள் மாதத்தில் 160 மணிநேரம் மேசையில் இருந்தாலும் உண்மையாக வரைவது 130தான். அப்படிப் பார்த்தால் ஒருவருக்குப் பன்னிரண்டரை மாதத்துக்குச் சற்று மேல், இரண்டு பேருக்கு ஆறு மாதத்தைத் தாண்டும். மாதம் 85,000 என்றால் 10.7 லட்சம். உங்கள் 9 லட்சத்தில் இருந்து தொகை அதிகம் தள்ளிப் போகவில்லை பாருங்கள். ஆனால் இப்போது அது எங்கிருந்து வந்தது என்று குழு கேட்டால் பதில் இருக்கிறது.

அந்த 7 மணி நான் ஊகித்தது. கூட்ட ஷொட்டில் 2 செக்கன் மட்டும் வரைந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். பட்ஜெட் உடைவது எப்போதும் அந்த இடத்தில்தான்.

உப்புவெளி அக்கா

நான் ஆவணப்படத்துக்கு இதே மாதிரி நிதி எடுத்தேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன். கமரா வாங்கப் போட்ட தொகையை அப்படியே வெட்டிவிட்டார்கள். வாடகை என்று எழுதியதை ஒத்துக்கொண்டார்கள். ட்ரோனுக்கு அனுமதி எடுத்தீர்களா? துறைமுகப் பக்கம் பறக்கவிட்டால் பிரச்சினை வரும்.

இன்னொன்று, காசு ஒரேயடியாக வராது. எனக்கு முதலில் பாதி, இடையில் கொஞ்சம், கடைசிப் பங்கு அறிக்கையும் பற்றுச்சீட்டும் கொடுத்த பிறகுதான். அந்தக் கடைசிப் பங்கு வரும்வரை எடிட்டருக்குக் கடன்.

பன்னிரண்டாம் பிரேம்

அக்கா சொல்கிற கணினி விஷயம் முக்கியம். 22 லட்சத்தில் 6.5 கணினிக்கு என்றால், இவருக்குத் தேவை படமா கணினியா என்றுதான் யோசிப்பார்கள். உங்களிடம் இருப்பதையே பாவித்து மாதம் 15,000 வாடகையாகக் காட்டுங்கள், 7 மாதத்துக்கு ஒரு லட்சம் சொச்சம். யூ.பி.எஸ், பிரதி வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் என்று சிறியதை மட்டும் வாங்குவதாகப் போடுங்கள், கொட்டேஷனோடு. மென்பொருளுக்குக் காசே வேண்டாம், Krita, OpenToonz, Blender எல்லாம் இலவசம். எதைப் பாவிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"இதர செலவு 4 லட்சம்" போகட்டும். அதற்குப் பதில் "எதிர்பாராச் செலவு" என்று மற்றவற்றின் கூட்டுத்தொகையில் 10 வீதம். விதிமுறை அதற்குக் குறைவாகச் சொன்னால் அதன்படி.

ஒலிக்கு 1.5 குறைவு. ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு, மிக்ஸிங், இசை எல்லாம் தனித்தனி வேலை. கதையில் ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு போவதாக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். உரிமை எழுத்தில் கையில் இல்லாமல் விழாவுக்கு அனுப்ப முடியாது.

வீடியோவுக்கு வருகிறேன். முதல் 9 செக்கனும் அந்தத் துண்டு, ஒலியோடு. தலைப்புக் கூட வேண்டாம். பிறகு நீங்கள், உள்ளே இருந்து, 40 செக்கன்: யாருடைய கதை, என்ன நடக்கிறது, ஏன் அனிமேஷன். அடுத்து, ஸ்டோரிபோர்டை நேரக்கணக்கோடு ஓடவிட்ட அனிமேட்டிக்கில் இருந்து ஒரு முழுக் காட்சி, ஒரு நிமிடம் அளவில். கடைசியாக யார் யார் செய்கிறீர்கள், எத்தனை மாதம், காசு எதற்கு. இரண்டரை நிமிடத்தில் முடியும். ட்ரோன் காட்சியைத் தூக்குங்கள். வரைந்த படத்துக்குக் காசு கேட்கிறவர் எடுத்த படத்தைக் காட்டினால் குழம்புவார்கள். கடல் காற்று மைக்கில் விழுந்திருந்தால் அதை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. அறைக் கதவைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, காலர் மைக்கில் திரும்பப் பதியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 9 செக்கனை மினுக்கிவிட்டு மீதியை மலிவாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்தத் துண்டைப் போடாதீர்கள். காட்டுகிற தரத்துக்குத்தான் பட்ஜெட் பேச வேண்டும்.

மூதூர்ப் பொடியன்

சரி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இயக்குநர் சம்பளம் 0 என்பது நல்லதுதானே? தியாகம் தெரியும்.

பன்னிரண்டாம் பிரேம்

தெரியாது தம்பி. ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவார், இடையில் வேறு வேலைக்குப் போய்விடுவாரோ என்ற சந்தேகம்தான் வரும். 3 லட்சமாவது போட வேண்டும்.

உப்புவெளி அக்கா

நான் இதில் ஒத்துப்போகவில்லை. எனக்குச் சம்பளத்தில் பாதியை "சொந்தப் பங்களிப்பு" என்று காட்டச் சொன்னார்கள், அது புள்ளி கூட்டியது.

பன்னிரண்டாம் பிரேம்

சொந்தப் பங்களிப்பு கேட்கிற நிதியத்தில் அக்கா சொல்வது சரி. அப்போதும் முழுச் சம்பளத்தை எழுதிவிட்டு, அதில் இவ்வளவை நான் விடுகிறேன் என்று வருமானப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0 என்று எழுதினால் விட்டுக்கொடுத்ததே தெரியாது.

கோட்டுக்காரி

கூட்ட ஷொட்டில் 2 செக்கன் வரைந்து பார்த்தேன். 7 இல்லை அண்ணா, செக்கனுக்கு 11 மணிநேரம். 60 செக்கனுக்கு 240 மணிநேரம் கூடுகிறது. அதனால் கூட்டத்தை 35 செக்கனாகக் குறைத்து, இறங்குவதைக் கால்களும் சைக்கிள் சில்லும் மட்டும் தெரிகிற மாதிரி மாற்றிவிட்டேன். அந்த 25 செக்கன் சாதாரண ஷொட்டுக்குள் வந்துவிட்டது. மொத்த மணிநேரம் கொஞ்சம் கூடினாலும் வரைவு 11 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. எல்லாம் சேர்த்து 21 லட்சத்துக்கு அருகில் வருகிறது. உச்சவரம்பு வரை இழுக்கவில்லை.

இரண்டு சந்தேகம் மீதி. நிதி யூரோவில் வரும், எந்த விலைக்கு மாற்றிப் போடுவது? வீடியோவில் தமிழில் பேசலாமா?

உப்புவெளி அக்கா

2022 மார்ச்சில் டொலர் 200இல் இருந்து சில வாரத்தில் 300 ஆனதை மறக்காதீர்கள். வெளிநாட்டுக் காசு கையில் இருந்தவர் தப்பினார், ஆனால் பொருள் விலையும் ஏறிவிட்டது. எந்தத் திகதியின் எந்த வங்கி விலை என்று பட்ஜெட்டுக்குக் கீழே எழுதுங்கள்.

பன்னிரண்டாம் பிரேம்

விலைக்கு அக்கா சொன்னபடி செய்யுங்கள், வங்கிக் கட்டணத்துக்கும் ஒரு வரி போடுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும், ஆங்கில வசனவரி படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். தனிக் கோப்பாகக் கொடுத்தால் சிலருக்கு ஓடாது.

எடிட்டர் மச்சான்

நான் என்றால் ஆங்கிலத்திலேயே பேசுவேன். வாசித்துக்கொண்டு படத்தையும் பார்ப்பது கஷ்டம்.

கோட்டுக்காரி

மச்சான் சொல்வதிலும் நியாயம் இருக்கு. அனிமேட்டிக் ஓடும் இடத்தில் நான் பேசாமல் விட்டுப் பார்க்கிறேன், அங்கே வசனவரி வராது. லிங்கின் கடவுச்சொல்லையும் விண்ணப்பத்திலேயே எழுதி, வேறொருவர் போனில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.