பிரேக் எயார் எடுக்கும் பகுதி: கராஜ் பொடியனுக்கு எப்படி எழுதுவது?

வெள்ளவத்தை_மொழி: கார் சர்விஸ் கையேடு ஒன்றில் பிரேக் பகுதியைத் தமிழாக்குகிறேன். கொழும்பு கராஜ்களுக்கு. இந்த வரி சரியா? “பெடலை விடுவிப்பதற்கு முன்னர் பிளீடர் நிப்பிள் இறுக்கப்பட்டிருப்பதை உறுதி செய்யவும்.” ஒயில் பக்கத்தில் “உலர் கொதிநிலை 230°C, ஈரக் கொதிநிலை 155°C, டொட் 4” என்று போட்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை_பாஸ்: தம்பி, அந்த வரியில் முதலில் வருவது “பெடலை விடு”. “இறுக்கு” பின்னால்தான் வருகிறது. வேலை நடப்பது மறுபக்கமாக. சில்லுக்குக் கீழே படுத்திருப்பவன் ஒரு வரியைப் பாதி வாசித்துவிட்டுக் கை வைப்பான். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் மாஸ்டர் சிலிண்டர் பின்னால் இழுக்கும். டியூப் முனை போத்தல் ஒயிலுக்குள் அமிழ்ந்திருந்தாலும் நிப்பிள் மரை வழியாகக் காற்று உள்ளே போகும். எவ்வளவு அடித்தாலும் பெடல் ஸ்பொஞ்சாகவே நிற்கும். நடக்கும் ஒழுங்கிலேயே, யார் செய்வது என்றும் சேர்த்து எழுதுங்கள்:

“பெடலில் இருப்பவர் மெதுவாக மூன்று தரம் மிதித்து, அழுத்தியபடியே ‘பிடிச்சாச்சு’ என்று சொல்லவும். சில்லில் இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்கவும். பெடல் கீழே போகும், காலை எடுக்க வேண்டாம். சில்லில் இருப்பவர் நிப்பிளை இறுக்கி ‘பூட்டியாச்சு’ என்று சொல்லவும். அதன் பிறகே காலை எடுக்கவும்.”

தமிழ்_நடை: இதை ஏற்க முடியாது. மூலத்தில் “பிடிச்சாச்சு” எங்கே இருக்கிறது? கையேட்டில் நாமாக வசனம் சேர்த்தால் நாளை ஒரு விபத்துக்கு யார் பொறுப்பு? ஒழுங்கை மாற்றுங்கள், சரி. ஆனால் ஆட்களைப் பேச வைக்காதீர்கள். இன்னொன்று, “ஒயில்” என்று எழுதவே கூடாது. பிரேக் திரவம் எண்ணெய் அல்ல.

கொட்டாஞ்சேனை_பாஸ்: ஆள் மாறினால்தான் விபத்து. எங்கள் கராஜில் பெடலில் இருப்பவர் சிங்களம், சில்லில் இருப்பவர் தமிழ். கூப்பிடும் சொல் முன்கூட்டியே பேசி வைக்கப்படாவிட்டால் ஒருவர் “ஆ” என்றதை மற்றவர் “விடு” என்று எடுத்துக்கொள்வார்.

எண்ணெய் அல்ல என்பது உண்மைதான். எஞ்சின் ஒயில் கொஞ்சம் விழுந்தாலே சீல்கள் ஊதும். டாங்கி மூடியின் உள் ரப்பர் உப்பி, திரும்ப அதன் இடத்தில் உட்காராது, அதில் கண்டுபிடிக்கலாம். அப்புறம் பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஆனால் பஞ்சிகாவத்தையில் போய் “திரவம்” என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். “பிரேக் ஒயில்” என்றே எழுதி, பக்கத்தில் “எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றக் கூடாது” என்று போடுங்கள்.

தெமட்டகொடை_ரைடர்: டொட் எண் கூடினால் கொதிநிலையும் கூடும் அல்லவா? அப்படியானால் “4 அல்லது அதற்கு மேல்” என்று எழுதலாம். 5 இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனை_பாஸ்: 3, 4, 5.1 வரைக்கும் நீங்கள் சொல்வது சரி, அவை ஒன்றோடொன்று சேரும். 5 வேறு சாதி, சிலிக்கோன். ஏற்கனவே உள்ளதோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் ஆகாது. “அதற்கு மேல்” என்று எழுதினால் பொடியன் 5 போத்தலைத் தூக்கி வருவான். “டொட் 4” என்று மட்டும் எழுதி, “5ஐயும் 5.1ஐயும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்” என்று தனி வரி போடுங்கள். கொதிநிலையை “புதுப் போத்தலில் 230, ஈரம் இழுத்த பிறகு 155” என்று எழுதினால், திறந்து வைத்த பழைய போத்தலை ஏன் ஊற்றக் கூடாது என்பது தானே விளங்கும்.

நாரஹேன்பிட்ட_அக்வா: நல்ல நேரத்தில் வந்தேன். என் அக்வாவுக்கு ஒரு கராஜில் இப்படித்தான் இருவர் மிதித்து எயார் எடுத்தார்கள். இப்போது பிரேக் லைட் டாஷ்போர்டில் நின்றபடியே இருக்கிறது. எந்த ஒயில் வாங்கலாம்?

கொட்டாஞ்சேனை_பாஸ்: ஒயிலை விடுங்கள். அந்த ஹைபிரிட்டில் பெடலுக்கும் சில்லுக்கும் இடையே கணினி ஓட்டும் பம்பும் வால்வுகளும் உண்டு. ஸ்கேனர் போட்டுத்தான் எயார் எடுக்க வேண்டும். ஸ்கேனர் உள்ள இடத்திற்குக் கொண்டு போங்கள். தம்பி, இதை உங்கள் பகுதியின் தலையிலேயே போடுங்கள்: மிதித்து எடுக்கும் முறை எந்த மொடலுக்கு, எதற்கு இல்லை என்று.

வெள்ளவத்தை_மொழி: போடுகிறேன். இன்னொன்று. கையேடு இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு எழுதியது. “ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கப் பின் சில்லில் தொடங்கு” என்கிறது. இங்கே அது இடது பின் சில்லு. அப்படியே மாற்றி எழுதவா?

தெமட்டகொடை_ரைடர்: ஆம், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லுதான் எப்போதும் முதலில்.

கொட்டாஞ்சேனை_பாஸ்: “எப்போதும்” என்று எழுத வேண்டாம். குறுக்கு லைன் உள்ள கார்களில் சில கம்பனிகள் வேறு ஒழுங்கு கொடுக்கின்றன. வலப்பக்க ஸ்டியரிங் பதிப்பைத் தேடிப் பார்க்கும் வரை அந்த வரியை வெறுமையாக விடுங்கள்.

தமிழ்_நடை: வெறுமையாக விட்டால் கராஜில் தங்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள். மூலத்தை அப்படியே போட்டு, கீழே “இடப்பக்க ஸ்டியரிங்கிற்கானது” என்று குறிப்பதே நேர்மை. “ஒயில்” விஷயத்திலும் நான் மாறவில்லை.