மாதாந்திர ரீட்டெய்னர் இன்வாய்ஸில் மிச்ச மணிநேரத்தை எப்படி எழுதுகிறீர்கள்?

எங்கள் ஏஜென்சியில் ஒரு கிளையண்டுக்கு மாதம் 40 மணிநேரம், நிலையான கட்டணம். மிஞ்சும் நேரம் அடுத்த மாதத்துக்கு மட்டும் செல்லும். மார்ச்சில் 34 மணிநேரம்தான் வேலை, 6 மிச்சம். ஏப்ரலில் 49 மணிநேரம் ஆனது. ஆக 46 போக, கூடுதல் 3 மணிநேரத்துக்கு மட்டும் பில்.

இன்வாய்ஸில் இந்த 6 மணிநேரத்தையும் ஒரு வரியாகப் போட்டிருந்தோம். அவர்களுடைய கணக்குப் பிரிவு அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டு, நிலையான கட்டணத்திலேயே கழித்துவிட்டது. அதனால் இனி தொகைப் பட்டியலில் இரண்டே வரிகள் வைக்கலாம் என்று நினைக்கிறேன்:

"ஏப்ரல் மாத நிலையான கட்டணம் (40 மணிநேரம் வரை)"
"கூடுதல் வேலை: 3 மணிநேரம், ஒப்பந்த மணிநேர விகிதப்படி"

மிச்சக் கணக்கு தொகையே இல்லாமல் கீழே தனியாக:

"முன்மாத மிச்சம் 6, இம்மாத ஒதுக்கீடு 40, பயன்படுத்தியது 49, கூடுதலாகப் பில் செய்தது 3, அடுத்த மாதத்துக்கு 0. மிச்ச மணிநேரத்துக்குப் பண மதிப்பு இல்லை."

இதில் ஒரு இடம் இன்னும் இடிக்கிறது. ஏப்ரலில் 38 மணிநேரம்தான் ஆகியிருந்தால்? பழைய 6-ஐ முதலில் கழித்தால் மே மாதத்துக்கு 8 போகும். புதிய 40-ஐ முதலில் கழித்தால் 2 மட்டுமே போகும், பழைய 6 காலாவதி. பழையதை முதலில் கழிப்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

இந்த வரிசையை இன்வாய்ஸிலேயே எழுதுகிறீர்களா, ஒப்பந்தத்தோடு விட்டுவிடுகிறீர்களா? நீங்கள் பயன்படுத்தும் வாசகத்தை அப்படியே பகிர்ந்தால் பெரிய உதவி.