கலைச்சொல்: கூரைவிளக்கு மூடியின் 'ட்விஸ்ட் கிளிப்' – தமிழில் என்ன?

கவிதா:
வணக்கம். கூரையோடு ஒட்டினாற்போல் பொருத்தும் வட்ட எல்இடி விளக்கு ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 300 மி.மீ. விட்டம், வெள்ளை அடித்தட்டு, அதன்மேல் பால்நிற பிளாஸ்டிக் மூடி. வெளியே ஒரு ஸ்க்ரூகூடத் தெரியாது. உள்விளிம்பில் மறைந்திருக்கும் மூன்று 'ட்விஸ்ட் கிளிப்'கள்தான் மூடியைப் பிடித்துவைக்கின்றன. இவற்றை 'மறைதிருகி' எனலாமா? அந்தப் பால்நிற மூடிக்கு, அதாவது டிஃப்யூசருக்கு, 'ஒளிபரப்பி' என்று போட்டிருக்கிறேன். இப்போதைய வாக்கியம்: 'மறைதிருகிகளை விடுவிக்க ஒளிபரப்பியை இடஞ்சுழியாகத் திருகவும்.'

நடராஜன்:
கவிதா, 'திருகு' வேண்டாம்மா. திருகு என்றதும் மரை நினைவுக்கு வரும். மரை என்றால் கையோடு கழன்று வரும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்த மூடியில் மரையே கிடையாது.

மூடியின் உள்விளிம்பில் மூன்று நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். அடித்தட்டின் ஓரத்தில் அவற்றுக்கு நேராக மூன்று காடிகள் இருக்கும். நாக்கு, காடியின் வாய்வழியே நுழைந்து, பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு சிறு மேட்டைத் தாண்டி உட்காரும். கழற்றும்போது இதே பாதையில் திரும்பி வர வேண்டும். இதெல்லாம் சுமார் 15 பாகைக்குள் முடிந்துவிடும், 300 மி.மீ. மூடியில் விளிம்பு 4 செ.மீ. அளவுக்குத்தான் நகரும். அங்கே மூடியைக் கீழே இறக்காமல் மேலும் திருப்பினால், நாக்கு எதிர்ச்சுவரில் முட்டி ஒடியும். பின் டைப் பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருப்புகிறோமே, அதே வேலைதான். எனவே 'திருப்பு' என்பதே சரியான வினை. 'திருப்புநாக்கு' என்று வைக்கலாம்.

சேகர்:
இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. இந்த வகை மூடிகள் எல்லாமே கவ்விக்கொண்டு நிற்பவைதான். இடுக்கில் தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் 'டப்' என்று வந்துவிடும். 'கவ்வி' என்றே எழுதலாம்.

நடராஜன்:
சேகர், நெம்பி எடுக்கும் வகையும் உண்டு என்பது சரி. அதில் இடுக்கின் ஓரிடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனி நுழைய ஒரு சிறு வெட்டு விட்டிருப்பார்கள். இடுக்கு சுற்றிலும் ஒரே சீராக, வெட்டே இல்லாமல் இருந்தாலோ, விளிம்பில் அம்புக்குறியோ ஒரு புள்ளியோ தெரிந்தாலோ முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பும் வகையை நெம்பினால் நாக்கு அடியோடு போகும். சில ஆண்டு வெப்பத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும், வளையாது, முறியும். மூன்றில் ஒன்று போனாலும் அந்த மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. பசை போட்டு ஒட்டிய நாக்கு அடுத்த தடவை திருப்பும்போது விட்டுவிடும்.

'கவ்வி' என்ற சொல்லை நெம்பும் வகைக்கே வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் எதைச் செய்வது என்று படிப்பவருக்குத் தெரியாது.

பாத்திமா:
எங்கள் குளியலறை விளக்கும் இதே மாதிரிதான். உள்ளே பூச்சி செத்துக் கிடக்கிறது. திருப்பினால் மூடி மட்டும் வருவதில்லை, விளக்கு முழுவதும் சேர்ந்து சுற்றுகிறது. எந்தச் சொல் வைத்தாலும் எனக்குச் சரிதான், இதைக் கழற்ற வழி சொல்லுங்கள் ஐயா.

நடராஜன்:
உடனே நிறுத்துங்கம்மா. அடித்தட்டு சுற்றினால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொள்ளும், இணைப்பும் பிடுங்கிக்கொண்டு வரும். அடித்தட்டைக் கூரையோடு பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. அதோடு மூடியும் இறுகியிருக்கிறது. கூரைக்குப் பெயின்ட் அடித்தபோது அது விளிம்பில் படிந்து மூடியையும் அடித்தட்டையும் ஒட்டிவைத்திருக்கலாம். குளியலறை விளக்கு என்றால் உள்ளே ஈரம் புகாமலிருக்க நுரை வளையமும் இருக்கலாம்; அதுவும் இழுத்துப் பிடிக்கும்.

முதலில் மின்சாரம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருக்கும். விளக்கு அணைந்தாலும் உள்ளே ஃபேஸ் இருக்கும். அந்த விளக்குக்கான எம்சிபியை இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை இறக்கினாலும் அது விளக்குக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். மலிவான விளக்குகள் பலவற்றில் எல்இடி தட்டே மெயின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது.

பிறகு, பெயின்ட் படிந்திருந்தால் மெல்லிய பிளேடால் இடுக்கைச் சுற்றி ஒரு கோடு கீறுங்கள். ஆட்டம் இல்லாத ஏணியில் ஏறுங்கள், இன்னொருவர் அடித்தட்டின் விளிம்பை அசையாமல் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. உலர்ந்த ரப்பர் கையுறை போட்டு, நேரெதிர் இரண்டு பக்கங்களில் உள்ளங்கைகளை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மூடி சாய்ந்து, எதிர்ப்பக்க நாக்கு காடியில் சிக்கிக்கொள்ளும். மூடியை முதலில் கூரையை நோக்கி லேசாக அழுத்துங்கள். நுரை வளையம் நசுங்கி, நாக்கின் மேல் இருக்கும் இழுப்பு குறையும். அழுத்தியபடியே திருப்புங்கள். மேட்டைத் தாண்டும்போது கைக்கு ஒரு சிறு தடுக்கல் தெரியும். அங்கிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள்.

மூடி வந்ததும் அடித்தட்டின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பூச்சியைக் கொட்டிவிட்டு சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஸ்பிரிட்டோ தின்னரோ வேண்டாம், அக்ரிலிக் மூடியில் மெல்லிய வெடிப்புகள் விழும்.

குகன்:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் இப்படி மாட்டி நிற்கிறதைக் 'கொழுக்கி' என்போம். ஆனால் கொழுக்கி வளைந்திருக்கும், இது தட்டையான நாக்கு. எனவே நடராஜன் ஐயாவின் 'நாக்கு' எனக்குச் சம்மதம். ஆனால் 'திருப்புநாக்கு' என்றால் நாக்கைத் தனியாகத் திருப்ப வேண்டும் போல இருக்கிறது. திரும்புவது மூடிதானே? 'திருப்புப்பூட்டு' என்று முழு அமைப்புக்கும், 'பூட்டுநாக்கு' என்று அந்தத் துண்டுக்கும் வைக்கலாமே. 'ஒளிபரப்பி' என்றால் எங்கடை ஆட்களுக்குத் தொலைக்காட்சிதான் ஞாபகம் வரும்.

கவிதா:
குகன் சொல்வது பொருந்துகிறது, 'திருப்புப்பூட்டு', 'பூட்டுநாக்கு' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'மறை' என்பதை மட்டும் விட மனமில்லை. ஸ்க்ரூவைத் தேடித் தேடி, கிடைக்காமல்தான் நெம்ப ஆரம்பிக்கிறார்கள். பெயரிலேயே 'உள்ளே மறைந்திருக்கிறது' என்று தெரிந்தால் தேட மாட்டார்கள்.

நடராஜன்:
அதைப் பெயரில் திணிக்காமல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்: 'வெளியே ஸ்க்ரூ இல்லை, மூடி உள்விளிம்பில் மூன்று பூட்டுநாக்குகளால் நிற்கிறது.' இன்னொன்று: 'இடஞ்சுழி' என்றால் எங்கிருந்து பார்த்து? கூரையின் மேலிருந்து பார்ப்பதாக நினைப்பவர் தலைகீழாகத் திருப்புவார். 'விளக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கையில் இடஞ்சுழியாக' என்று எழுதுங்கள்.

சேகர்:
'இடஞ்சுழி' எத்தனை பேருக்குப் புரியும்? 'கடிகார முள் சுற்றுவதற்கு எதிராக' என்றால் எல்லோருக்கும் விளங்கும். டிஃப்யூசருக்கு 'ஒளிவிரவி' எப்படி?

கவிதா:
திசைக்கு அம்புக்குறிப் படமும் போடுகிறேன், வாக்கியத்தில் கடிகார முள்ளே இருக்கட்டும். 'ஒளிவிரவி' அழகாக இருக்கிறது, ஆனால் கடைக்காரர் 'கவர்' என்றுதான் சொல்வார். இப்போதைக்கு 'பால்மூடி' என்று எழுதி வைக்கிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். திருத்திய பகுதி:

'எம்சிபியையும், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்கவும். பால்மூடியை இரு கைகளாலும் நேரெதிர்ப் பக்கங்களில் பிடித்து, கூரையை நோக்கி லேசாக அழுத்தவும். கீழே நின்று பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுமார் 4 செ.மீ. திருப்பி, கீழே இறக்கவும். அதற்குமேல் திருப்ப வேண்டாம். திரும்ப மாட்டும்போது மூன்று பூட்டுநாக்குகளும் காடிக்குள் நுழைந்த பிறகே திருப்பவும். இடுக்கு சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று இடங்களிலும் மெல்ல இழுத்துச் சோதிக்கவும்.'

பாத்திமா:
கீறிவிட்டுத் திருப்பியதும் வந்துவிட்டது. ஒரு நாக்கில் மட்டும் வெடிப்பு தெரிகிறது, இன்னும் ஒடியவில்லை. மாட்டலாமா?

நடராஜன்:
வேண்டாம்மா. மேட்டைத் தாண்டும்போதுதான் நாக்குக்கு அதிக அழுத்தம் வரும், அதிலேயே போய்விடும். அதே மாடலின் மூடி தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். விட்டம் ஒன்றாக இருந்தாலும் வேறு நிறுவன மூடியில் நாக்கின் இடம் மாறும், எனவே பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள். அதுவரை அந்த எம்சிபியை ஏற்ற வேண்டாம். அதே எம்சிபியில் வேறு அறைகளும் இருந்தால், எலக்ட்ரீஷியனை வைத்து இந்த விளக்கின் ஒயரை மட்டும் கழற்றி முனைகளை மூடிவிடுங்கள்.